வருஷத்துக்கு நடுவுல பொறந்த கம்பெனி: இன்கார்ப்பரேஷனுக்கு முந்தின லாபத்தை எப்படி பிரிக்கிறது

ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற ஒரு பார்ட்னர்ஷிப் பிசினஸை ஒரு புது கம்பெனி வாங்குதுன்னு வைங்க. அக்ரிமென்ட்ல "ஏப்ரல் 1-ல இருந்து வர்ற லாபம் எல்லாம் கம்பெனிக்கு"ன்னு எழுதிடுவாங்க, ஆனா கம்பெனி ரெஜிஸ்டர் ஆகி சர்டிபிகேட் கையில வர்றதுக்குள்ள நாலு மாசம் ஓடிடும். அந்த நாலு மாசமும் பிசினஸ் நிக்காது, அதே கடை, அதே ஆளுங்க, அதே புக்ஸ். மார்ச் 31 வந்ததும் மொத்த வருஷத்துக்கும் ஒரே ப்ராஃபிட் அண்ட் லாஸ் அக்கவுண்ட் தான் கையில இருக்கும். இதுல கம்பெனி பொறக்கறதுக்கு முன்னாடி வந்த லாபம் எவ்வளவு, பொறந்த பிறகு வந்தது எவ்வளவுன்னு பிரிச்சாகணும். அதைத்தான் இங்க ஒரு கணக்கை வச்சு முழுசா பாக்கப்போறோம்.

ஏன் பிரிக்கணும்? கம்பெனியே இல்லாத காலத்துல அது எப்படி லாபம் சம்பாதிக்கும், அவ்வளவுதான் விஷயம். காய் காய்ச்சு நிக்கிற மாந்தோப்பை வாங்குறவரு மரத்துக்கும் சேர்த்து காய்க்கும் சேர்த்துத்தானே விலை குடுக்கிறாரு, அந்த மாதிரி பழைய ஓனர்ஸ்கிட்ட இருந்து பிசினஸை வாங்கும்போது அந்த நாலு மாச லாபமும் நீங்க குடுத்த விலைக்குள்ளயே வந்துடுது. அதனால அது கம்பெனி சம்பாதிச்ச லாபம் இல்ல, வாங்கின சரக்கோட ஒரு பகுதி. அதை டிவிடெண்டா ஷேர்ஹோல்டர்ஸுக்கு பிரிச்சு குடுக்கக்கூடாது, கேப்பிட்டல் ரிசர்வுக்கு தான் போகணும்.

முதல்ல ரெண்டு தேதி

கணக்கை தொடறதுக்கு முன்னாடி ரெண்டு தேதியை தனியா எழுதிக்கோங்க. ஒண்ணு, பிசினஸை எந்த தேதியில இருந்து எடுத்துக்கிட்டாங்க. இன்னொண்ணு, இன்கார்ப்பரேஷன் சர்டிபிகேட்ல இருக்கிற தேதி. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது தான் முந்தின காலம், இதை இனிமே 'ப்ரீ'ன்னு சொல்றேன், சர்டிபிகேட் தேதியில இருந்து வருஷக் கடைசி வரைக்கும் 'போஸ்ட்'.

புதுசா வர்றவங்க இங்கயே தடுக்கி விழுவாங்க, ஏன்னா கேள்வியிலயோ ஃபைல்லயோ வேற தேதிகளும் கெடக்கும். அக்ரிமென்ட் கையெழுத்தான தேதி, பழைய ஓனர்ஸுக்கு பணம் செட்டில் பண்ண தேதி, பிசினஸ் ஆரம்பிக்கலாம்னு டிக்ளரேஷன் ஃபைல் பண்ண தேதி எல்லாம் வரும். இந்தியாவுல 2013 கம்பெனிஸ் ஆக்ட்ல 10ஏ செக்‌ஷன்னு ஒண்ணு பின்னாடி சேர்த்தாங்க, ஷேர் கேப்பிட்டல் இருக்கிற கம்பெனி, ஷேருக்கு கையெழுத்து போட்டவங்க பணம் கட்டிட்டாங்கன்னு 180 நாளுக்குள்ள டிக்ளரேஷன் குடுத்தா தான் பிசினஸ் ஆரம்பிக்கலாம்னு அது சொல்லுது. அந்த தேதியை பாத்துட்டு இதுதான் கோடுன்னு நெனச்சுடாதீங்க. கம்பெனிங்கிற ஆள் உருவாகறது சர்டிபிகேட் தேதியில, கோடு அங்க தான்.

நம்ம கணக்குல பிசினஸை எடுத்துக்கிட்டது 2023 ஏப்ரல் 1, கம்பெனி பதிவானது 2023 ஆகஸ்ட் 1, கணக்கு முடியிறது 2024 மார்ச் 31. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை நாலு மாசம் ப்ரீ, மிச்சம் எட்டு மாசம் போஸ்ட். டைம் ரேஷியோ 4:8, சுருக்கினா 1:2. முடிஞ்சுது, இதுல பெருசா ஒண்ணும் இல்ல. மாச நடுவுல பதிவாச்சுன்னா மட்டும் கொஞ்சம் கவனம், ஜூலை 16-ல பதிவாகியிருந்தா மூணரை மாசமும் எட்டரை மாசமும், அப்ப 7:17.

சேல்ஸ் ரேஷியோ, இங்கதான் நேரம் செலவாகும்

எல்லா மாசமும் ஒரே மாதிரி வித்திருந்தா சேல்ஸ் ரேஷியோன்னு ஒண்ணு தனியா தேவையே இல்ல, டைம் ரேஷியோவே போதும். ஆனா சீசன்னு ஒண்ணு இருக்கே. நம்ம பிசினஸ்ல வருஷ சேல்ஸ் மொத்தம் 36,00,000 ரூபாய். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் சராசரி மாசத்துல பாதி தான் வித்துது, அக்டோபர்ல சராசரியைப்போல ரெண்டு மடங்கு வித்துது, மத்த மாசம் எல்லாம் சராசரி அளவு. இவ்வளவு தான் தெரியும்.

இப்ப ஒரு சராசரி மாசத்தை 1-னு வைங்க. ஏப்ரல் அரை, மே அரை, ஜூன் 1, ஜூலை 1, ஆக ப்ரீ மொத்தம் 3. அப்புறம் ஆகஸ்ட் 1, செப்டம்பர் 1, அக்டோபர் 2, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அஞ்சு மாசம் 5, ஆக போஸ்ட் மொத்தம் 9. சேல்ஸ் ரேஷியோ 3:9, அதாவது 1:3. ரூபாயில பாத்தா ப்ரீ சேல்ஸ் 9,00,000, போஸ்ட் சேல்ஸ் 27,00,000.

இதுல ஒரு சின்ன செக் இருக்கு, நிறைய பேர் பண்றதில்ல. யூனிட் எல்லாத்தையும் கூட்டினா 12 வருது, மாசமும் 12. 'சராசரி'ன்னு சொன்னது உண்மையிலேயே மொத்த வருஷ சராசரின்னா யூனிட் கூட்டல் மாச எண்ணிக்கையோட ஒத்துப்போகணும். நிறைய கணக்குல ஒத்துப்போகாது, அங்க 'சராசரி'ன்னு எழுதியிருந்தாலும் அவங்க சொல்ல வர்றது சாதாரண மாசம்னு புரிஞ்சுக்கிட்டு, யூனிட்டா மட்டும் எடுத்துக்கிட்டு போயிடலாம், ரேஷியோ மாறாது.

தப்பு வர்ற இடம் ரெண்டு. முதலாவது, கேள்வியில நேரடியாவே "ஜூலை 31 வரைக்கும் சேல்ஸ் 9,00,000, மொத்த வருஷ சேல்ஸ் 36,00,000"ன்னு குடுத்திருந்தா, அவசரத்துல 9:36-னு எழுதிடறாங்க. ரேஷியோங்கிறது ப்ரீக்கும் போஸ்டுக்கும் நடுவுல, ப்ரீக்கும் மொத்தத்துக்கும் நடுவுல இல்ல, அதனால 9:27. ரெண்டாவது, "பதிவுக்கு பிறகு மாச சராசரி சேல்ஸ் முன்னாடி இருந்ததைப்போல ரெண்டு மடங்கு"ன்னு சொன்னா அது ஒரு மாசத்தோட பேச்சு, அதை மாசத்தால பெருக்கணும், 4×1-க்கு 8×2, அதாவது 1:4. ஆனா "பதிவுக்கு பிறகான மொத்த சேல்ஸ் ரெண்டு மடங்கு"ன்னு சொன்னா அது ஏற்கனவே மொத்தம், திரும்ப மாசத்தால பெருக்கக்கூடாது, 1:2-வே பதில். 'மாச'ங்கிற ஒரு வார்த்தை இருக்கா இல்லையான்னு பென்சிலால ஒரு வட்டம் போட்டுட்டு ஆரம்பிங்க.

கிராஸ் ப்ராஃபிட்டை பிரிக்கிறது

நம்ம கணக்குல கிராஸ் ப்ராஃபிட் 9,00,000, சேல்ஸ்ல 25 சதவீதம். இதை 1:3-ல பிரிச்சா ப்ரீ 2,25,000, போஸ்ட் 6,75,000. ரெண்டு பக்கமும் 25 சதவீதம் தானான்னு பாருங்க, 9,00,000-ல 2,25,000 சரி, 27,00,000-ல 6,75,000 சரி.

ஏன் கிராஸ் ப்ராஃபிட்டை நேரா கண்டுபிடிக்காம ரேஷியோவுல பிரிக்கிறோம்னு ஒரு கேள்வி வரணும். ஜூலை 31 அன்னைக்கு யாரும் ஸ்டாக் எண்ணல, அதனாலதான். அன்னைக்கு குளோசிங் ஸ்டாக் எடுத்து ரெண்டு காலத்துக்கும் தனித்தனியா டிரேடிங் அக்கவுண்ட் போட்டிருந்தா அதைவிட சரியான வழி வேற கிடையாது, யாராவது எடுத்து வச்சிருந்தா அதை தான் யூஸ் பண்ணணும். நடைமுறையில பழைய புக்ஸ் அப்படியே நிக்காம ஓடறதால எடுக்க மாட்டாங்க, ரேஷியோ அந்த குறைக்கு வந்த மாற்று ஏற்பாடு.

அதுக்கு ஒரு எல்லையும் இருக்கு. விக்கிற ஒவ்வொரு ரூபாய்லயும் நிக்கிற மார்ஜின் ரெண்டு காலத்துலயும் ஒண்ணா இருந்தா தான் சேல்ஸ் ரேஷியோவுல கிராஸ் ப்ராஃபிட்டை பிரிக்கலாம். பதிவுக்கு பிறகு விலையை ஏத்திட்டாங்கன்னா இது உதவாது. உதாரணமா ஒரு பொருளை 75-க்கு வாங்கி 100-க்கு வித்துட்டு இருந்தாங்க, பதிவுக்கு பிறகு 110-க்கு விக்கிறாங்க, வாங்கற விலை அதே 75, அளவு மட்டும் 3-க்கு 9-ன்னு வைங்க. சேல்ஸ் 300-க்கு 990, அதாவது 10:33. ஆனா லாபம் பாருங்க, முன்னாடி 25 வீதம் 3 பொருளுக்கு 75, பின்னாடி 35 வீதம் 9 பொருளுக்கு 315, அதாவது 5:21. ரெண்டும் வேற வேற ரேஷியோ. அப்ப கிராஸ் ப்ராஃபிட்டுக்கு 5:21, சேல்ஸை ஒட்டி வர்ற செலவுகளுக்கு 10:33. விலை மாறிச்சு, வாங்கற விலை குறைஞ்சுது அப்படின்னு ஒரு வரி கண்ணுல பட்டா உடனே நின்னு இந்த வேலையை பண்ணிடுங்க. நம்ம கணக்குல விலை மாறல, அதனால 1:3-லயே போறோம்.

செலவுகள்: ரேஷியோவை எடுக்கறதுக்கு முன்னாடி தேதியை கேளுங்க

வாடகைன்னா டைம், கமிஷன்னா சேல்ஸ், டைரக்டர் ஃபீஸ்னா போஸ்ட்னு ஒரு லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணிட்டு வந்து டக் டக்குனு போடறது தான் பொதுவான பழக்கம். லிஸ்ட் தப்பில்ல, ஆனா அதை முதல் வேலையா எடுக்கிறது தப்பு. என் முறை இது: ஒவ்வொரு செலவையும் பாத்து முதல்ல "இது எந்த தேதியில வந்ததுன்னு தெரியுமா"ன்னு கேளுங்க. தெரிஞ்சா அந்த பக்கத்துலயே போடுங்க, ரேஷியோவே வேணாம். தெரியலன்னா "கம்பெனி இல்லாம இந்த செலவு வந்திருக்குமா"ன்னு கேளுங்க, வந்திருக்காதுன்னா முழுசா போஸ்ட். அதுக்கும் பதில் இல்லன்னா தான் "இது மாசம் ஓடினா ஏறுற செலவா, சரக்கு வித்தா ஏறுற செலவா"ன்னு கேட்டு டைமோ சேல்ஸோ எடுக்கணும்.

நம்ம கணக்குல இருக்கிற செலவுகளை அப்படியே எடுத்து இந்த வரிசையில ஓட்டி பாக்கலாம்.

வாடகை 1,32,000. லிஸ்ட் மனப்பாடம் பண்ணவரு உடனே 1:2-ல பிரிச்சு ப்ரீக்கு 44,000 போட்டுடுவாரு. ஆனா ரசீதை பாத்தா கடை வாடகை மாசம் 9,000, அது வருஷம் பூரா, கூடவே அக்டோபர் 1-ல இருந்து மாசம் 4,000-க்கு ஒரு குடோன் எடுத்திருக்காங்க. குடோன் ஆறு மாசத்துக்கு 24,000, அது முழுக்க பதிவுக்கு பிறகு வந்தது. கடை வாடகை 1,08,000-ஐ மட்டும் 1:2-ல பிரிச்சா 36,000-க்கு 72,000. ஆக ப்ரீ 36,000, போஸ்ட் 72,000 + 24,000 = 96,000. இங்க தேதியை கேக்காம விட்டிருந்தா 8,000 ரூபாய் தப்பான பக்கம் போயிருக்கும்.

சம்பளம் 1,80,000. வருஷம் பூரா அதே ஆளுங்க, அதே சம்பளம், அதனால டைம், 60,000-க்கு 1,20,000. ஆள் எண்ணிக்கை மாறியிருந்தா வெறும் 1:2 போதாது, முன்னாடி 5 பேர் பின்னாடி 8 பேர், எல்லாருக்கும் ஒரே சம்பளம்னா 4×5-க்கு 8×8, அதாவது 20:64, சுருக்கினா 5:16. இதுவும் டைம் ரேஷியோ தான், ஆள் எண்ணிக்கையால பெருக்கின டைம் ரேஷியோ.

தேய்மானம் 30,000, எல்லாம் பழைய ஓனர்ஸ்கிட்ட இருந்து வந்த மெஷினுக்கு, அதனால டைம், 10,000-க்கு 20,000. பதிவுக்கு பிறகு புது மெஷின் வாங்கியிருந்தா அதோட தேய்மானத்தை தனியா எடுத்து போஸ்ட்ல போடணும், குடோன் கதை தான் திரும்பவும்.

விற்பனை கமிஷனும் சரக்கு அனுப்புற கூலியும் சேர்த்து 72,000, விளம்பரம் 48,000, வாராக்கடன் 16,000. இதெல்லாம் வித்தா ஏறுற வகை, 1:3. கமிஷன் 18,000-க்கு 54,000, விளம்பரம் 12,000-க்கு 36,000, வாராக்கடன் 4,000-க்கு 12,000. விளம்பரத்துல ஒரு விஷயம், மாசா மாசம் ஒரே தொகைன்னு ஒப்பந்தம் இருந்தா அது டைம் ஆகிடும், கணக்குல ஒண்ணும் சொல்லலன்னா சேல்ஸ். வாராக்கடன்லயும் எந்த கஸ்டமர் எப்ப வாங்கின சரக்குன்னு லெட்ஜர்ல இருந்தா அதையே பாருங்க. தள்ளுபடி வந்ததுன்னு ஒரு வருமானம் இருந்தா அதை சேல்ஸ்ல பிரிக்காதீங்க, அது நாம வாங்கினதை ஒட்டி வர்றது, பர்ச்சேஸ் ரேஷியோ கிடைச்சா அதுல தான் பிரிக்கணும்.

அடுத்தது கம்பெனி இல்லாம வந்திருக்கவே முடியாத செலவுகள். டைரக்டர் ஃபீஸ் 40,000, கம்பெனி இல்லாம டைரக்டர் ஏது, போஸ்ட். டிபென்ச்சர் வட்டி 18,000, டிபென்ச்சரை வெளியிட கம்பெனி இருந்தாகணும், போஸ்ட். கம்பெனி சட்டப்படி நடக்கிற ஆடிட்டுக்கு ஃபீஸ் 15,000, போஸ்ட். ஆடிட் ஃபீஸ்ல மட்டும் சொல்யூஷனுக்கு சொல்யூஷன் வித்தியாசம் இருக்கும், சிலர் டைம்ல பிரிப்பாங்க, என்ன ஆடிட்டுன்னு கேள்வியில சொல்லலன்னா நீங்க எடுத்த நிலைப்பாட்டை ஒரு வரி குறிப்பா எழுதிட்டு போயிடுங்க. ப்ரிலிமினரி எக்ஸ்பென்ஸ் எழுதித் தள்ளினது 9,000, இது எல்லாரையும் குழப்பும், ஏன்னா வக்கீல் ஃபீஸ், ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் எல்லாம் நிஜமாவே பதிவுக்கு முன்னாடி கட்டினது தானே. காசு வெளிய போன தேதி அது தான், ஆனா செலவு யாருக்காகன்னா கம்பெனிக்காக, பழைய பார்ட்னர்ஷிப்புக்கு அதுல ஒரு சம்பந்தமும் இல்ல, அதனால போஸ்ட். இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒண்ணு உண்டு: பழைய பார்ட்னர்ஸுக்கு பார்ட்னர்னு குடுத்த சம்பளம், அது கம்பெனி வந்ததும் நின்னு போயிடும், முழுசா ப்ரீ. நம்ம கணக்குல அது இல்ல.

வெண்டர் வட்டி, தனியா ஒரு தலைப்பு இதுக்கு வேணும்

பிசினஸ் வாங்கின விலை 5,00,000. அதை வெண்டருக்கு, அதாவது வித்த பழைய ஓனர்ஸுக்கு, உடனே குடுக்கல, அக்டோபர் 1-ல தான் செட்டில் பண்ணாங்க, அது வரைக்கும் வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி. ஏப்ரல் 1-ல இருந்து அக்டோபர் 1 வரைக்கும் ஆறு மாசம், வட்டி 30,000.

இதை பாத்ததும் வட்டின்னா டைம்னு 1:2-ல பிரிச்சு 10,000-க்கு 20,000-னு போட கை துடிக்கும். ஆனா இந்த வட்டி பன்னெண்டு மாசத்துக்கு ஓடவே இல்ல, ஆறு மாசத்துல நின்னுடுச்சு. அந்த ஆறுல ஏப்ரல் முதல் ஜூலை வரைக்கும் நாலு மாசம் ப்ரீ, ஆகஸ்ட் செப்டம்பர் ரெண்டு மாசம் போஸ்ட். ஆக 4:2, ப்ரீ 20,000, போஸ்ட் 10,000. 1:2 அப்படியே தலைகீழா 2:1 ஆயிடுச்சு பாருங்க. ஒரு செலவோட டைம் ரேஷியோங்கிறது அந்த செலவு ஓடின காலத்துக்குள்ள தான் எடுக்கணும், கணக்கு வருஷத்துக்கு எடுத்த ரேஷியோவை எல்லாத்துக்கும் ஒட்டக்கூடாது. பணம் செட்டில் ஆனது ஜூலை 31-க்கு முன்னாடின்னா வட்டி முழுக்க ப்ரீ, போஸ்டுக்கு ஒரு பைசா கூட போகாது.

எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கலாம்

| விவரம் | எதை வச்சு | மொத்தம் | ப்ரீ | போஸ்ட் |
|---|---|---|---|---|
| கிராஸ் ப்ராஃபிட் | சேல்ஸ் 1:3 | 9,00,000 | 2,25,000 | 6,75,000 |
| சம்பளம் | டைம் 1:2 | 1,80,000 | 60,000 | 1,20,000 |
| வாடகை | தேதிப்படி | 1,32,000 | 36,000 | 96,000 |
| தேய்மானம் | டைம் 1:2 | 30,000 | 10,000 | 20,000 |
| கமிஷன், அனுப்பும் கூலி | சேல்ஸ் 1:3 | 72,000 | 18,000 | 54,000 |
| விளம்பரம் | சேல்ஸ் 1:3 | 48,000 | 12,000 | 36,000 |
| வாராக்கடன் | சேல்ஸ் 1:3 | 16,000 | 4,000 | 12,000 |
| வெண்டர் வட்டி | ஓடின மாசம் 4:2 | 30,000 | 20,000 | 10,000 |
| டைரக்டர் ஃபீஸ் | போஸ்ட் | 40,000 | – | 40,000 |
| டிபென்ச்சர் வட்டி | போஸ்ட் | 18,000 | – | 18,000 |
| ஆடிட் ஃபீஸ் | போஸ்ட் | 15,000 | – | 15,000 |
| ப்ரிலிமினரி எக்ஸ்பென்ஸ் | போஸ்ட் | 9,000 | – | 9,000 |
| மொத்த செலவு | | 5,90,000 | 1,60,000 | 4,30,000 |
| நெட் ப்ராஃபிட் | | 3,10,000 | 65,000 | 2,45,000 |

'எதை வச்சு'ங்கிற கட்டத்தை கண்டிப்பா போடுங்க. எக்ஸாம்ல பேப்பர் திருத்தறவரும் சரி, ஆபீஸ்ல ஆடிட்டரும் சரி, முதல்ல பாக்கறது அந்த கட்டத்தை தான், தொகையை அப்புறம் தான் பாப்பாங்க.

இவ்வளவு கஷ்டப்படாம நெட் ப்ராஃபிட் 3,10,000-ஐ நேரா 1:2-ல பிரிச்சா என்னன்னு கேக்கலாம். பிரிச்சா ப்ரீக்கு சுமார் 1,03,333 வரும். நமக்கு வந்தது 65,000. கிட்டத்தட்ட 38,000 ரூபாய், ஷேர்ஹோல்டர்ஸுக்கு குடுக்கக்கூடிய லாபம், தேவையில்லாம கேப்பிட்டல் ரிசர்வுல போய் உக்காந்துடும். எதிர்ப்பக்கமா தப்பு பண்ணி ப்ரீ லாபத்தை குறைச்சு காட்டினா இன்னும் மோசம், குடுக்கக்கூடாத பணத்தை டிவிடெண்டா குடுத்த மாதிரி ஆகிடும்.

சரியா வந்திருக்கான்னு எப்படி தெரியும்

65,000-ஐயும் 2,45,000-ஐயும் கூட்டினா 3,10,000 வருது, டேலி ஆகுது, சந்தோஷம். ஆனா இந்த டேலியை நம்பாதீங்க. ரேஷியோவை நீங்க எவ்வளவு தப்பா போட்டாலும் ரெண்டு பக்கமும் கூட்டினா மொத்தம் வந்தே தீரும், ஏன்னா ஒரே தொகையை ரெண்டா வெட்டியிருக்கீங்க. கூட்டல் தப்பை மட்டும் தான் அது பிடிக்கும், வெட்டின இடம் தப்புன்னா பிடிக்காது.

பிடிக்கிற செக் வேற. ஒவ்வொரு செலவையும் மாசக் கணக்குக்கு கொண்டு வந்து பாருங்க, ப்ரீ தொகையை 4-ஆல, போஸ்ட் தொகையை 8-ஆல வகுங்க. சம்பளம் 15,000, 15,000, ஆளுங்க மாறல, சரி. வாடகை 9,000, 12,000, ஏன் ஏறுச்சுன்னு கேட்டா குடோன், அக்டோபர்ல வந்தது, சரி. கமிஷன் 4,500, 6,750, ஒன்றரை மடங்கு, சேல்ஸ் மாசத்துக்கு 2,25,000-ல இருந்து 3,37,500 ஆகியிருக்கு, அதுவும் ஒன்றரை மடங்கு, சரி. வெண்டர் வட்டிக்கு மட்டும் அது ஓடின மாசத்தால வகுக்கணும், 20,000-ஐ 4-ஆல, 10,000-ஐ 2-ஆல, ரெண்டுமே 5,000, 5,00,000-க்கு மாசம் ஒரு சதவீதம் அது தானே. நீங்க 10,000-க்கு 20,000-னு தலைகீழா போட்டிருந்தா மாசம் 2,500-க்கு 10,000-னு வந்து நிக்கும், ஒரே கடனுக்கு வட்டி எப்படி நாலு மடங்கு ஏறும்னு அப்பவே தெரிஞ்சுடும். மாச அளவு மாறியிருந்து அதுக்கு உங்களால ஒரு காரணம் சொல்ல முடியலன்னா அந்த வரியில தான் பிரச்சனை.

வந்த 65,000-ஐ என்ன பண்றது

ப்ராஃபிட் அண்ட் லாஸ் அக்கவுண்டை டெபிட் பண்ணி கேப்பிட்டல் ரிசர்வை 65,000-க்கு கிரெடிட் பண்ணணும். பிசினஸ் வாங்கும்போது குட்வில் வந்திருந்தா, அந்த குட்வில்லை இந்த தொகையால குறைக்கவும் செய்யலாம், ரெண்டும் வாங்கின விலையோட சம்பந்தப்பட்டது தானே. போஸ்ட் லாபம் 2,45,000 வழக்கமான லாபமா நிக்கும், இது வரிக்கு முந்தின தொகை, வரி போக மிச்சத்துல இருந்து தான் டிவிடெண்ட் பேச்சு எடுக்கணும்.

ப்ரீ பக்கம் நஷ்டம் வந்தா? சீசன் இல்லாத மாசங்கள்ல பழைய ஓனர்ஸ் ஓட்டின பிசினஸ்னா அது சகஜம். அந்த நஷ்டத்தை கம்பெனியோட நஷ்டமா காட்டக்கூடாது, லாபம் எப்படி விலையோட பகுதியோ அப்படியே நஷ்டமும், நீங்க நெனச்சதைவிட அதிக விலை குடுத்துட்டீங்கன்னு அர்த்தம். அதனால அதை குட்வில்ல டெபிட் பண்ணுவாங்க, இல்ல பிசினஸ் வாங்கினதுல ஏற்கனவே கேப்பிட்டல் ரிசர்வ் வந்திருந்தா அதுல கழிச்சுடுவாங்க. பதிவுக்கு பிறகு வந்த லாபத்துல கழிக்கிற வழக்கமும் இருக்கு, அப்படி பண்ணா டிவிடெண்ட் குடுக்கக்கூடிய தொகை குறையும், ஜாக்கிரதையான வழி, குட்வில்ங்கிற பேர்ல ஒரு நஷ்டம் பேலன்ஸ் ஷீட்ல வருஷக்கணக்கா உக்காந்திருக்காது.